மூன்றுக்கு ஒன்று அணைந்தால்

சமையலறை விளக்கு அணைந்துவிட்டது. மிக்ஸி சுற்றவில்லை. உள்ளறை ஏ.சி. நின்றுபோனது, தண்ணீர் மோட்டாரும் எழவில்லை. ஆனால் ஹாலில் டி.வி. ஓடிக்கொண்டிருக்கிறது, படுக்கையறை விளக்கும் எரிகிறது. டிபி பாக்ஸைத் திறந்து பார்த்தால் எல்லா எம்.சி.பி.யும் மேலே ஏறியபடியே இருக்கின்றன. ஒன்றுகூட டிரிப் ஆகவில்லை.

மூன்று ஃபேஸ் இணைப்புள்ள தமிழ்நாட்டு வீடுகளில் அடிக்கடி நடப்பது இது. வயரிங்கில் ஏதோ போய்விட்டது என்று பயந்து எலக்ட்ரீஷியனைத் தேடத் தொடங்குவார்கள். விடையோ பெரும்பாலும் கண்ணெதிரிலேயே, சுவிட்சுகளை ஒட்டி ஓடும் விரலகலப் பட்டையில் எழுதியிருக்கிறது. அதை வந்த வரிசையிலேயே, இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். உதாரணமாக இப்படி ஒரு பட்டையை எடுத்துக்கொள்வோம்:

```
R1  Y1  B1  R2  Y2  B2  R3   Y3   B3  R4   Y4   B4
HL  KL  BL  HP  KP  WH  AC1  AC2  SP  INV  MTR  SP
```

மேல் வரி மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்கிறது, கீழ் வரி எங்கே போகிறது என்பதை. R, Y, B மூன்றும் சிவப்பு, மஞ்சள், நீலம் என்ற மூன்று ஃபேஸ்களின் முதல் எழுத்துகள். கீழே HL ஹால் விளக்கு, KL சமையலறை விளக்கு, BL படுக்கையறை விளக்கு. HP, KP இரண்டும் ஹாலிலும் சமையலறையிலும் உள்ள பவர் பிளக்குகள். WH வெந்நீர் கீசர், INV இன்வர்ட்டருக்குப் போகும் லைன், MTR மோட்டார். SP என்றால் இப்போதைக்குக் காலியாக விட்டிருக்கும் இடம்.

இந்தப் பட்டையோடு முதலில் சொன்ன வீட்டைப் பொருத்திப் பார்க்கலாம். அணைந்தவை KL, KP, AC2, MTR. வரிசையில் அவை 2, 5, 8, 11-வது இடங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் சரியாக இரண்டு சுவிட்சுகள் தாண்டுகின்றன. பெட்டிக்குள், பின்னால் சீப்பின் பற்களைப் போல ஒரு செம்புப் பட்டை இருக்கிறது. அது மூன்று ஃபேஸ்களையும் மாற்றி மாற்றி ஒவ்வொரு எம்.சி.பி.க்கும் கொடுத்துக்கொண்டே போகிறது. அதனால் ஒரு ஃபேஸ் போனால் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சுவிட்சுகள் உயிரிழக்கும். இங்கே போனது மஞ்சள் ஃபேஸ். கோளாறு சமையலறையிலும் இல்லை, மோட்டாரிலும் இல்லை. மஞ்சள் ஃபேஸ் இந்த வரிசைக்குள் நுழையும் முன்பே எங்கோ அறுந்திருக்கிறது: தெருவில் பியூஸ் போயிருக்கலாம், மீட்டர் அருகே இணைப்பு தளர்ந்திருக்கலாம், மெயின் சுவிட்சின் ஒரு முனை கருகியிருக்கலாம். மீட்டர் பலகையில் மூன்று நிறச் சிறு விளக்குகள் இருந்தால் அவற்றைப் பார்க்க வேண்டும். அங்கேயே மஞ்சள் எரியவில்லை என்றால் மின்வாரியத்தைக் கூப்பிட வேண்டும். அங்கே மூன்றும் எரிகின்றன என்றால் எலக்ட்ரீஷியனை.

எல்லாப் பெட்டிகளும் இப்படி மாற்றி மாற்றி அடுக்கப்பட்டவை அல்ல. சில பெட்டிகளில் R1 R2 R3 R4 என்று நான்கும் சேர்ந்தே வந்து, பிறகு Y வரிசை, அதன் பிறகு B வரிசை என்று தொகுதி தொகுதியாக இருக்கும். அங்கே ஒரு ஃபேஸ் போனால் அடுத்தடுத்த நான்கு சுவிட்சுகள் மொத்தமாக அணையும். எழுத்துகள் அதேதான், வரிசை வேறு. எனவே பக்கத்து வீட்டுப் பட்டையைப் பார்த்து நம் வீட்டுப் பட்டையை ஊகிக்க முடியாது.

இதே போன்ற குழப்பத்தோடு தொடங்கும் இன்னொரு கோளாறு உண்டு, அது மிக ஆபத்தானது. சில விளக்குகள் வழக்கத்தைவிடப் பளீரென்று எரியும், வேறு சில மங்கிப்போகும், ஃபிரிட்ஜ் உறுமும். எதுவும் முழுதாக அணையாது. அது ஃபேஸ் போனதன் அடையாளம் அல்ல, நியூட்ரல் அறுந்ததன் அடையாளம். வழக்கமாக ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட், இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவே சுமார் 415 வோல்ட். நியூட்ரல் விட்டுப்போனால் அந்த 415 வோல்ட், ஃபேஸ்களில் ஓடும் சாமான்களுக்குள் ஏறுக்குமாறாகப் பங்காகிவிடும். குறைவான சாமான் ஓடும் ஃபேஸில் வோல்ட் எகிறி டி.வி.யையும் ஃபிரிட்ஜையும் பொசுக்கும். அந்த நேரத்தில் பட்டையைப் படித்துக்கொண்டிருக்கக் கூடாது. மெயினை உடனே இறக்கிவிட வேண்டும்.

பட்டையில் தடுக்கி விழ வைக்கும் எழுத்து B. மேல் வரியில் B1 என்றால் நீல ஃபேஸின் முதல் சுவிட்ச். கீழ் வரியில் BL என்றால் படுக்கையறை விளக்கு. எம்.சி.பி.யின் முகத்திலேயே B10 என்று அச்சாகியிருந்தால் அது மூன்றாவது பொருள்: 10 ஆம்பியர் தாங்கும், திடீர் மின்னோட்டத்துக்குச் சீக்கிரம் விழுந்துவிடும் வகை. வீடுகளில் அதிகம் காண்பது C வகை. மோட்டாரும் ஏ.சி.யும் எழும்போது ஒரு கணம் இழுக்கும் அதிக மின்னோட்டத்தை அது பொறுத்துக்கொள்ளும். B வகை, அளவைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்குக்குள் சட்டென்று விழும். C வகை ஐந்து முதல் பத்து மடங்குக்குள் விழும். ஆக ஒரே பெட்டியில் ஒரே எழுத்துக்கு மூன்று பொருள். அது எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வைத்துத்தான் பிரிக்க முடியும். P-யும் இப்படித்தான்: பவர் என்பார் ஒருவர், பம்பு என்பார் இன்னொருவர், பூஜை அறைக்கு PL என்று எழுதி வைத்தவரும் உண்டு.

பட்டையில் உள்ளது மனிதர் எழுதியது, சுவிட்சின் முகத்தில் உள்ளது தொழிற்சாலை அச்சிட்டது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் சில தவறுகள் தெரியும். கீழே AC1 என்று எழுதி, மேலே சுவிட்சில் C32 என்று இருந்தால் கொஞ்சம் நிற்க வேண்டும். வீட்டு ஏ.சி.க்கு வழக்கமாக இழுப்பது 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். குழாய்க்குள் ஓடும் அந்த வயர் நிம்மதியாகத் தாங்குவது இருபது சொச்சம் ஆம்பியர்தான். அடிக்கடி டிரிப் ஆகிறது என்று யாரோ பழைய C20-ஐக் கழற்றிவிட்டு 32-ஐ மாட்டியிருக்கலாம். இனி சுவிட்ச் விழாது, வயர்தான் சுவருக்குள் சூடேறும்.

எண்ணுவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு சாதாரண எம்.சி.பி. ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் அகலம், பட்டையில் அது ஓர் இடம். நான்கு முனை மெயின் சுவிட்சுக்கு ஒரே பிடிதான், ஆனால் அது நான்கு இடங்களைப் பிடிக்கும். பிடிகளை எண்ணிக்கொண்டு போகிறவர் மெயினைத் தாண்டியதும் மூன்று இடம் தவறிவிடுவார். அகலத்தை எண்ண வேண்டும். மேல்மூடியைக் கழற்றித் திரும்ப மாட்டும்போது தலைகீழாகிப்போன பட்டைகளும் உண்டு. SP என்று எழுதிய இடத்தில் காலி மூடிக்குப் பதிலாக எம்.சி.பி. உட்கார்ந்திருந்தால், பட்டை நகர்ந்துவிட்டது என்று சந்தேகப்படலாம்.

மெயினுக்கு அடுத்து T என்ற சிறு பொத்தானோடு நிற்பது ஆர்.சி.சி.பி. போன மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருப்பது அதன் வேலை. வீட்டில் பொருத்துவதில் 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வித்தியாசம் வந்தாலே விழுந்துவிடும். வீடு முழுவதற்கும் ஒன்றே என்றால், அது விழும்போது எல்லாம் அணையும். எந்தச் சுற்றில் கசிவு என்று கண்டுபிடிக்கவும் பட்டையின் வரிசைதான் வழி. எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை மேலே ஏற்ற வேண்டும். பிறகு R1-இல் தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே வர வேண்டும். ஆறாவதான WH-ஐ ஏற்றியதும் மறுபடி விழுந்தால் கீசரின் சூடேற்றும் கம்பியில் கசிவு இருக்க வாய்ப்பு அதிகம். அதை மட்டும் இறக்கிவிட்டு மற்றவற்றை ஓட்டிக்கொள்ளலாம்.

இந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. சாதாரண எம்.சி.பி. ஃபேஸை மட்டும் துண்டிக்கிறது, நியூட்ரல் அப்படியே தொடர்பில் இருக்கும். ஏதோ ஓர் அறையில் நியூட்ரல் வயர் எர்த்தைத் தொட்டிருந்தால், அந்த அறையின் சுவிட்ச் கீழே இருந்தாலும் ஆர்.சி.சி.பி. விழும். அப்போது பட்டை ஒரு சுவிட்சைக் காட்ட, கோளாறு வேறொரு சுற்றில் இருக்கும். எல்லாம் இறக்கியும் அது நிற்க மறுத்தால், அல்லது ஒவ்வொரு முறையும் வெவ்வேறு சுவிட்சில் விழுந்தால், அதுதான் அறிகுறி. அதற்கு மேல் எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்து, நியூட்ரல் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதிக்க வேண்டும்.

மறுபடி அந்த மாதிரிப் பட்டைக்கே வருவோம். மஞ்சள் ஃபேஸில் சமையலறை பவர், ஓர் ஏ.சி., மோட்டார் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. நீலத்தில் பெரிய சாமான் என்றால் கீசர் மட்டும்தான், இரண்டு இடங்கள் காலி. நல்ல எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்தால் AC2-ஐ எட்டாவது இடத்திலிருந்து ஒன்பதாவது இடத்துக்கு, அதாவது B3-க்கு மாற்றச் சொல்வார். அரை மணி நேர வேலை. மாற்றிய கையோடு பட்டையில் Y3-க்குக் கீழே SP, B3-க்குக் கீழே AC2 என்று திருத்தி எழுத வேண்டும். பழைய பட்டையே இருந்துவிட்டால், அடுத்த கோடையில் ஏ.சி.யைக் கழற்ற வருகிறவர் எட்டாவது இடத்தைப் பார்த்து, கரண்ட் ஏற்கெனவே இல்லை என்று நம்பிக் கை வைப்பார். ஒன்பதாவது சுவிட்ச் அப்போதும் மேலேதான் இருக்கும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் பட்டையைப் பார்த்துச் சுவிட்சை இறக்கிய பிறகும், கம்பியில் டெஸ்டரை வைத்துப் பார்க்காமல் ஸ்க்ரூவைத் தொடுவதில்லை.