அட்டவணையின் நடுவே ராமானுஜர்

இளங்கலைத் தத்துவ வகுப்பில் வேதாந்தம் ஆரம்பித்தால் பலகையில் மூன்று கட்டம் விழுந்துவிடும். இடப்பக்கம் சங்கரர், வலப்பக்கம் மத்வர், நடுவில் ராமானுஜர். அந்த அமைப்பைப் பார்த்தே மாணவர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: சங்கரர் ஒன்று என்றார், மத்வர் இரண்டு என்றார், ராமானுஜர் நடுவில் நின்று சமாதானம் செய்துவைத்தார்.

காலக் கணக்கிலேயே இது உதைக்கிறது. சங்கரரைச் சுமார் 8ஆம் நூற்றாண்டில் வைக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரில் ராமானுஜர் பிறந்தது மரபுக் கணக்கில் 1017. உடுப்பி மத்வர் 13ஆம் நூற்றாண்டு. இன்னும் பிறக்காத ஒருவரோடு ராமானுஜர் எப்படிச் சமரசம் பேசியிருப்பார்? அவர் ஸ்ரீபாஷ்யத்தில் மோதுவது அத்வைதத்தோடுதான். அதனால் அட்டவணையைக் கால வரிசைப்படி மேலிருந்து கீழாகப் போடுவதே நல்லது.

| மரபு | உலகம் | ஜீவனும் பிரம்மமும் | முக்தி |
|---|---|---|---|
| அத்வைதம் (சங்கரர்) | நடைமுறையில் உண்டு. முடிவான உண்மை பிரம்மம் மட்டுமே | ஒன்றே. வேறுபாடு அவித்தையால் தோன்றுவது | ஞானத்தால். உடல் இருக்கும்போதே கூடும் |
| விசிஷ்டாத்வைதம் (ராமானுஜர்) | உண்மை. பிரம்மத்தின் உடல் | ஜீவன் உடல், பிரம்மம் அதன் உயிர். பிரியாதவை | பக்தியால், சரணாகதியால். உடல் விழுந்த பிறகே |
| த்வைதம் (மத்வர்) | உண்மை. விஷ்ணுவைச் சார்ந்தது | என்றும் வேறு | பக்தியால், விஷ்ணுவின் அருளால். ஆனந்தத்தில் ஏற்றத்தாழ்வு உண்டு |

கட்டங்களை மனப்பாடம் செய்தால் ஐந்து மதிப்பெண் கேள்விக்குப் போதும். ஆனால் ஒரே வாக்கியத்தை மூவரிடமும் கொடுத்துப் பார்த்தால்தான் கட்டங்களுக்கு உயிர் வரும். சாந்தோக்ய உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயத்தில் உத்தாலகர் தன் மகன் சுவேதகேதுவுக்கு ஒன்பது முறை சொல்லும் ‘தத்வமஸி’, அதாவது ‘நீ அதுவே’, அதற்குத் தோதான வாக்கியம்.

அத்வைதிக்கு இதில் முதலிலேயே ஒரு சிக்கல். ‘அது’ என்பது எல்லாம் அறிந்த ஈசுவரன். ‘நீ’ என்பது கொஞ்சமே அறிந்த ஒரு பையன். இருவரும் எப்படி ஒன்றாவார்கள்? ‘இவன்தான் அந்தத் தேவதத்தன்’ என்று ஒருவரை அடையாளம் சொல்லும்போது, அன்று அங்கே பார்த்ததையும் இன்று இங்கே பார்ப்பதையும் கழித்துவிட்டு ஆளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அதேபோல் ஈசுவரனின் பேரறிவையும் பையனின் சிற்றறிவையும் கழித்தால் மிஞ்சுவது வெறும் உணர்வு. அது ஒன்றே என்கிறார்கள் அத்வைதிகள்.

ராமானுஜர் இந்தக் கழித்தலையே ஏற்கவில்லை. தேவதத்தன் நேற்று அங்கே இருந்ததும் இன்று இங்கே இருப்பதும் முரண் அல்ல, காலம்தான் வேறு. பிறகு எதைக் கழிக்க வேண்டும் என்று கேட்கிறார். அவர் வழியில் ‘அது’ உலகுக்குக் காரணமான பிரம்மம். ‘நீ’ என்பதும் பிரம்மமே. சுவேதகேதுவின் ஆன்மாவை உடலாகக் கொண்டு உள்ளிருந்து ஆளும் பிரம்மம். இரண்டு சொல்லும் தம் முழுப் பொருளோடு ஒரே பொருளைச் சுட்டுகின்றன. இதில் பாதி அத்வைதம், பாதி த்வைதம் என்று எங்கே பிரிப்பது? தேர்வில் ‘இடைப்பட்ட கொள்கை’ என்று எழுதுகிறவர் இந்த உடல்–உயிர் உறவை விட்டுவிட்டார் என்று உடனே தெரிந்துவிடும்.

மத்வர் பதம் பிரிப்பதிலேயே கைவைத்தார். முந்தைய சொல் ‘ஆத்மா’ என்று நெடிலில் முடிவதால், அடுத்து வருவதை ‘அதத்’ என்று பிரித்தாலும் சேர்ந்த ஒலி மாறாது. அப்போது பொருள் ‘நீ அது அல்ல’ என்றாகிவிடும்! சாமர்த்தியம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அவருக்குத் துணையாக உத்தாலகரின் உவமைகள் நிற்கின்றன. கயிற்றில் கட்டிய பறவையும் கயிறும் ஒன்றல்ல. ஆறும் கடலும் ஒன்றல்ல. வேறுபாட்டைக் காட்டும் உவமையைச் சொல்லிவிட்டு ஒற்றுமையை எப்படி முடிவாகச் சொல்வார் என்பது த்வைதிகளின் கேள்வி. மத்வர் இந்த ஒரு பொருளோடு நிற்கவில்லை, வேறு விளக்கங்களும் தந்திருக்கிறார்.

த்வைதக் கட்டத்தில் இன்னொரு தவறும் நடக்கிறது. ‘இரண்டு’ என்றதும் சமபலமுள்ள இரு தத்துவங்கள் என்று எழுதிவிடுகிறார்கள். மத்வருக்குச் சுதந்திரமானவர் விஷ்ணு ஒருவரே. ஜீவனும் ஜடமும் அவரைச் சார்ந்தவை. இங்கே வேறாக இருப்பது வேறு, சொந்தக் காலில் நிற்பது வேறு.

ராமானுஜரையும் மத்வரையும் பிரித்துக் காட்ட எனக்குப் பிடித்த இடம் முக்தி. இருவரும் வைணவர், இருவருக்கும் உலகம் உண்மை, பக்தியே வழி. ஆனால் ராமானுஜரின் முக்தர்கள் உலகைப் படைத்து நடத்தும் ஆற்றல் நீங்கலாக, ஆனந்த அனுபவத்தில் இறைவனுக்குச் சமம். மத்வரின் முக்தர்களோ அங்கேயும் அவரவர் தகுதிக்கேற்ற அளவு ஆனந்தத்தையே அடைகிறார்கள். யாருக்கும் குறையில்லை, யாரும் சமமும் இல்லை.