பேரேடு இல்லாத கடைக்கும் லாபம் பார்க்கலாம்

முகப்பேரில் ஒரு சின்ன மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். பேரேடு கிடையாது. பாஸ்புக், பாக்கி நோட்டு, துண்டுச் சீட்டுகள்தான் உண்டு. வருட லாபத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பாஸ்புக்கில் வருட வரவு 3,30,000 ரூபாய். இதில் மார்ச் கடைசியில் வாங்கிய குழுக் கடன் 30,000 விற்பனை ஆகாது, கழித்தால் 3,00,000. பேங்கில் கட்டும் முன்பே கல்லாவிலிருந்து வீட்டுச் செலவுக்கு எடுத்தது 60,000, கடை வாடகை 24,000. இதுவும் விற்ற காசுதானே? கூட்டுவோம். பாக்கி நோட்டில் வரவேண்டியது 10,000-லிருந்து 16,000 ஆகியிருக்கு. அந்த 6,000-த்தையும் சேர்ப்போம். கல்லா இருப்பு மாறவில்லை. ஆக, விற்பனை 3,90,000.

வருட ஆரம்பத்தில் சரக்கு 40,000. பேங்க் மூலம் பணம் கொடுத்து வாங்கியது 3,10,000. கடைசியில் மீந்த சரக்கு 30,000. அப்படியென்றால் விற்ற சரக்கின் அடக்க விலை 3,20,000. விற்பனையில் இதைக் கழித்தால் 70,000. வாடகையும் போக லாபம் 46,000.

இங்கேதான் கவனிக்கணும். பாஸ்புக்கில் இருப்பு 20,000 கூடியிருக்கு. ஆனால் லாபம் 46,000, வீட்டுக்கு எடுத்ததோ 60,000. முதலிலிருந்தே 14,000 கரைந்திருக்கு! குழுக் கடன் வந்ததால் அது வெளியே தெரியவில்லை.

வீட்டுச் செலவுச் சீட்டு தொலைந்தால் விற்பனையே 60,000 குறைந்து, நன்றாக ஓடும் கடையும் நஷ்டக் கடையாகத் தெரியும். எனவே கல்லாவில் எடுப்பதை அன்றைக்கே எழுதிவிடுவோம்.