ஐந்து கட்டையில் தொடங்கி ஆறு கட்டையில் முடியும் பாட்டு

கல்யாண வரவேற்பு மேடையில் மெல்லிசைக் குழுவினர் முன்னால் ஸ்டாண்டில் ஒரு தாள் இருக்கும். அதில் ஸ்வரமும் இருக்காது, பாட்டு வரியும் அதிகம் இருக்காது. கோடு போட்டுப் பிரித்த கட்டங்களில் G, Em என்று எழுத்துகள்தான். ஒரு கட்டம் ஒரு பார், அதாவது நான்கு அடி. அந்த நான்கு அடிக்குள் கிடாரும் கீபோர்டும் எந்தக் கார்டை வாசிக்க வேண்டும் என்பதை அந்த எழுத்து சொல்கிறது. இதுதான் கார்டு சார்ட்.

ஒரு சார்ட்டைப் பார்ப்போம். தாளமில்லாமல் தொகையறாவில் தொடங்கும் பாட்டு இது. பிறகு பல்லவி, சரணம். கடைசிப் பல்லவியை மட்டும் ஒரு கட்டை ஏற்றிப் பாடுகிறார் பாடகர். இடையிசையை விட்டுவிட்டு எழுதினால் இப்படி:

```
பல்லவி  ||: G | Em | C | D :||  x2
சரணம்       Em | C | G | D      x4
பல்லவி      A | Fm | D | E
```

பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் மேடையில் இது மூன்று இடத்தில் கவிழும்.

முதலில் சுருதி. G ஐந்து கட்டை, A ஆறு கட்டை. எழுதியவர் ஒவ்வொரு எழுத்தையும் ஒன்று தள்ளியிருக்கிறார்: G போய் A, C போய் D, D போய் E. மூன்றும் சரி. அதே கணக்கில் Em போய் Fm ஆகிவிட்டது, அங்கேதான் பிசகு. கீபோர்டில் G-க்கும் A-க்கும் நடுவே ஒரு கறுப்புக் கட்டை உண்டு. E-க்கும் F-க்கும் நடுவே கிடையாது. ஐந்திலிருந்து ஆறுக்கு இரண்டு அரைச் சுரம் ஏற வேண்டும். மூன்றிலிருந்து நான்குக்கு ஒன்றுதான். ஆகவே அங்கே வர வேண்டியது F#m.

வாசிக்காமலே இதைக் கண்டுபிடிக்கலாம். Em கார்டுக்குள் E, G, B என்று மூன்று சுரங்கள். பாட்டின் ஸட்ஜமான G அதில் இருக்கிறது. சுருதி A ஆனபின், அந்த இடத்தில் வரும் கார்டுக்குள் A இருந்தாக வேண்டும். F#m-இல் இருக்கிறது. Fm-இல் இருப்பதோ A-க்கு அரைச் சுரம் கீழே உள்ள A♭. பாடகர் ஸட்ஜத்தில் நின்றால் இரண்டும் உரசும். கேட்பவர்கள் பாடகருக்குத்தான் சுருதி விலகிவிட்டது என்பார்கள்.

இன்னொன்று. சரணத்தின் கடைசி D, காதை மறுபடி G-க்கே அழைத்துப் போகிறது. பாடகர் பிடிக்க வேண்டியதோ A. கடைசி ஒரு பாரை மட்டும் E7 ஆக்கினால், புதிய சுருதிக்கு வழி காதில் விழுந்துவிடும்.

அடுத்தது திரும்பும் இடம். இருபுறமும் புள்ளி வைத்த கோடுகள் இருந்தாலே இரண்டு முறை வாசி என்று பொருள். பக்கத்தில் x2 என்றும் போட்டால்? கிடார்காரர் மொத்தம் இரண்டு என்று எடுத்துக்கொண்டு 8 பாரில் சரணத்துக்குப் போவார். பேஸ்காரர் ஒருமுறை வாசித்துவிட்டு மேலும் இருமுறை திரும்புவார். அவருக்கு 12 பார். கடைசிப் பல்லவியில் எந்தக் குறியும் இல்லாததால் பாதிப் பேர் 4 பாரில் நின்றுவிடுவார்கள். ‘மொத்தம்’ என்ற சொல்லையும் பார் எண்ணிக்கையையும் எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் வராது. பிறகு ஒலிப்பதிவை ஓடவிட்டு, கட்டத்தின் மேல் விரலை நகர்த்திக்கொண்டே எண்ண வேண்டும். எண்ணிக்கை உதைத்தால் தவறு அந்தப் பகுதிக்குள்தான்.

மூன்றாவது, தாளில் இல்லாதது: சைகை. தொகையறாவில் தாளமில்லை, டிரம்ஸ்காரர் எதை எண்ணி உள்ளே வருவார்? பாட்டு எந்த அடியில் நிற்கும்? எழுதியவர் தலைக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருப்பதால் இந்த ஓட்டை அவர் கண்ணில் படாது. அதனால் பாட்டையே கேட்டிராத ஒருவரிடம் தாளைக் கொடுத்து, “நீங்க எப்ப ஆரம்பிப்பீங்க, எப்ப நிறுத்துவீங்க?” என்று கேட்பது நல்லது. அவர் தயங்கும் இடமெல்லாம் சைகை எழுத வேண்டிய இடம்.

திருத்திய தாள் இது:

```
தொகையறா     குரல், கீபோர்டு மட்டும்
            கடைசிச் சொல் முடிந்ததும் கீபோர்டு
            தலையசைப்பு; டிரம்ஸ் 1-2-3-4
பல்லவி (G)  G | Em | C | D    மொத்தம் 2 முறை = 8
சரணம் (G)   Em | C | G | D    மொத்தம் 4 முறை = 16
            16-வது பார் மட்டும் E7
பல்லவி (A)  A | F#m | D | E   மொத்தம் 2 முறை = 8
முடிவு      A  முதல் அடியில் எல்லோரும் நிறுத்தம்
```

இதிலும் எழுத முடியாத ஒன்று உண்டு. கூட்டம் கைதட்டினால் பாடகர் பல்லவியை மூன்றாம் முறையும் எடுப்பார். அதற்காக முடிவுக்கு மேலே ஒரு வரி சேர்க்கலாம்: ‘பாடகர் கையை உயர்த்தினால் பல்லவி (A) இன்னொரு முறை.’ அந்த இடத்தில் மட்டும் எல்லோரும் தாளை விட்டுப் பாடகரைப் பார்ப்பார்கள்.