அளவுத்திட்டம் எழுதாத வரைபடம்

பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வின் கடைசிப் பக்கங்களில் அந்த எட்டு மதிப்பெண் வினா இருக்கும். கட்டம் போட்ட தாளை வாங்கி, இரண்டு அச்சுகளை வரைந்து, புள்ளிகளைக் குறித்து, அவற்றை இணைக்க வேண்டும். அதோடு முடியாது. தாளின் வலது மேல் மூலையில் 'அளவுத்திட்டம்' என்று எழுதி, கிடை அச்சில் 1 செ.மீ. என்றால் எத்தனை அலகு, செங்குத்து அச்சில் 1 செ.மீ. என்றால் எத்தனை அலகு என்று குறிக்க வேண்டும். மறந்தால் மதிப்பெண் போகும். அந்த வயதில் அது ஒரு சடங்காகத்தான் தோன்றியது. உண்மையில் அந்த இரண்டு வரிகள் ஓர் ஒப்பந்தம். தாளில் எங்கே கை வைத்தாலும் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரே மதிப்புதான் என்று வரைபவர் அதில் உறுதி கொடுக்கிறார்.

தொலைக்காட்சியிலும் விளம்பரத்திலும் துண்டறிக்கையிலும் வரும் வரைபடங்களில் அந்த மூலை காலியாகவே இருக்கும். அந்த இரண்டு வரிகளை நாமே எழுதிப் பார்த்தால் என்ன தெரியவரும் என்பதற்கு மூன்று வரைபடங்களை எடுத்துக்கொள்வோம். தேவைப்படுவது ஒரு அடிஸ்கேல் மட்டும்.

அடிப்பகுதி வெட்டப்பட்ட பட்டை

முதலாவது, 2012-இல் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் வந்தது. அதிபர் புஷ் காலத்தில் குறைக்கப்பட்ட வருமான வரி அந்த ஆண்டோடு காலாவதியாக இருந்தது. நீட்டிக்காவிட்டால் மிக உயர்ந்த வருமானம் உள்ளவர்களுக்கான வரி விகிதம் 35 விழுக்காட்டிலிருந்து 39.6 ஆகிவிடும். இதைக் காட்ட இரண்டு பட்டைகள் வரைந்தார்கள். இடப்பக்கம் 'இப்போது', வலப்பக்கம் '2013 ஜனவரி 1'. இடப்பக்கத்துப் பட்டை குட்டையாகத் தரையோடு ஒட்டிக் கிடக்க, வலப்பக்கத்துப் பட்டை அதைப்போல ஐந்தாறு மடங்கு உயரத்தில் நின்றது. வரி பல மடங்காகப் போகிறது என்றுதான் பார்த்தவர் மனத்தில் பதியும்.

எண்களில் எந்தப் பிழையும் இல்லை. அச்சில் இலக்கங்களும் தெளிவாகவே இருந்தன. ஆனால் அச்சு பூஜ்யத்தில் தொடங்கவில்லை, 34-இல் தொடங்கி 42-இல் முடிந்தது. ஒரு விழுக்காட்டுக்கு 1 செ.மீ. என்று வைத்து அந்தப் படத்தைத் தாளில் வரையுங்கள். 35-க்கான பட்டையின் உயரம் 1 செ.மீ., 39.6-க்கான பட்டையின் உயரம் 5.6 செ.மீ. இரண்டின் அடியிலும் இருந்த 34 செ.மீ. நீளம் வெட்டி எறியப்பட்டுவிட்டது.

இனி அடியிலிருந்து முழுதாக வரைவோம். 5 விழுக்காட்டுக்கு 1 செ.மீ. என்றால் பழைய வரிக்கு 7 செ.மீ., புதிய வரிக்கு 7.9 செ.மீ. வித்தியாசம் 9 மி.மீ., ஏறத்தாழ சுண்டுவிரல் நகத்தின் அகலம். எண்களின்படி உயர்வு 13 விழுக்காடு. தொலைக்காட்சிப் பட்டைகளின்படி 460 விழுக்காடு. படம் காட்டும் மாற்றத்தை எண்ணில் உள்ள மாற்றத்தால் வகுத்து, வரும் விடையை அந்த வரைபடத்தின் 'பொய்க்காரணி' என்று கொள்ளலாம் என்றார் அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் எட்வர்ட் டஃப்டி, 1983-இல் வந்த தம் நூலில். விடை ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தால் படம் நேர்மையானது. இந்த வரிப் படத்துக்கு விடை 35.

அப்படியானால் பூஜ்யத்தில் தொடங்காத அச்செல்லாம் ஏமாற்றா? இல்லை. வீட்டில் இருக்கும் பழைய பாதரச வெப்பமானியைப் பாருங்கள். அது 94 டிகிரியில் தொடங்கி 108-இல் முடிகிறது. காய்ச்சல்காரரின் வெப்பநிலையைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கி, 10 டிகிரிக்கு 1 செ.மீ. என்று வரைந்தால், 98.6-க்கும் 102-க்கும் நடுவே மூன்றரை மில்லிமீட்டர்கூட இடைவெளி இருக்காது. நோயாளி அனலாய்க் கொதிப்பார், வரைபடம் தட்டையாகக் கிடக்கும். பூஜ்யம் டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் வெப்பமே இல்லை என்று பொருளும் அல்ல. ஆகவே அங்கே அச்சை வெட்டுவதுதான் சரி.

வேறுபாடு வரையும் விதத்தில் இருக்கிறது. கோட்டு வரைபடத்தில் நாம் பார்ப்பது ஏற்ற இறக்கத்தை, கோட்டின் சாய்வை. பட்டையில் பார்ப்பது நீளத்தை. ஒரு பட்டை இன்னொன்றைப்போல இரு மடங்கு நீளம் என்றால் சரக்கும் இரு மடங்கு என்றே கண் எடுத்துக்கொள்ளும். பட்டையின் அடி என்பது 'ஒன்றுமில்லை' என்ற இடம். அதை 34-இல் வைத்தால் நீளத்துக்கு அர்த்தமே போய்விடுகிறது. கோடு என்றால் அச்சு எங்கே தொடங்குகிறது என்று பார்த்துக்கொண்டால் போதும். பட்டை என்றால் பூஜ்யத்தைத் தேட வேண்டும்.

கட்டத்துக்குக் கட்டம் மாறும் அச்சு

இரண்டாவது படமும் அமெரிக்காவிலிருந்துதான். 2020 வசந்தகாலத்தில் கொரோனா பரவத் தொடங்கிய நாட்களில், கொலராடோ மாநிலத்தின் அன்றாடப் புதிய தொற்றுகளை டென்வர் நகரத் தொலைக்காட்சி ஒன்று கோட்டு வரைபடமாகக் காட்டியது. சீரான இடைவெளியில் கிடைக்கோடுகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் எண். பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. அந்த எண்களைக் கீழிருந்து படித்தால் இப்படி வரும்: 30, 60, 90, 100, 130, 160, 190, 240, 250, 300, 350, 400.

ஒரு கட்டம் 30, அடுத்ததும் 30, அதற்கடுத்தது 10. பிறகு 30, பின்னர் 50, நடுவில் மறுபடியும் 10. ஆனால் தாளில் எல்லாக் கட்டமும் ஒரே உயரம். இந்த வரைபடத்துக்கு அளவுத்திட்டம் எழுத உட்கார்ந்தால் எழுத முடியாது, 1 செ.மீ. என்பது அங்கே ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு விலை.

இதன் விளைவை அளந்தும் பார்க்கலாம். ஒரு கட்டத்துக்கு 1 செ.மீ. என்று கொள்வோம். தொற்று 60-இலிருந்து 160-க்கு ஏறினால், அதாவது நூறு பேர் கூடினால், கோடு 4 செ.மீ. ஏறும். 300-இலிருந்து 400-க்கு ஏறினால் அதே நூறு பேர்தான், ஆனால் கோடு 2 செ.மீ. மட்டுமே ஏறும். சீரான அச்சில் இரண்டுக்குமே 3 செ.மீ. வந்திருக்க வேண்டும். எண்ணிக்கை உயர உயரக் கோடு படுத்துக்கொள்கிறது. வேகம் தணிகிறது என்று ஒருவர் நினைத்தால் அது அச்சு செய்த வேலை.

எண்கள் சம அளவில் கூடாத நேர்மையான அச்சும் ஒன்று உண்டு. 1, 10, 100, 1000 என்று கட்டத்துக்குக் கட்டம் பத்து மடங்காகும் மடக்கை அளவு அது. தொற்று எத்தனை நாளில் இரட்டிக்கிறது என்று காட்ட, கொரோனா காலத்தில் பல நாளிதழ்கள் அதைப் பயன்படுத்தின. அதில் கூட்டல் மாறினாலும் பெருக்கல் மாறாது. எனவே அச்சின் எண்களை வரிசையாகப் படித்து இரண்டு கேள்விகள் கேட்கலாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே தொகை கூடுகிறதா? இல்லையென்றால், ஒரே மடங்கு பெருகுகிறதா? இரண்டுக்கும் 'இல்லை' என்றே விடை வந்தால் அந்தக் கோட்டின் சாய்வை நம்பக் கூடாது.

தாவும் ஆண்டுகள்

மூன்றாவதை நீங்களே வரையுங்கள். பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களிடமும் ஒரு தாளைக் கொடுக்கலாம். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்கள் இவை: 1951-இல் 36.1 கோடி, 1971-இல் 54.8 கோடி, 1991-இல் 84.6 கோடி, 2001-இல் 102.9 கோடி, 2011-இல் 121.1 கோடி.

முதலில் ஐந்து ஆண்டுகளையும் கிடை அச்சில் 2 செ.மீ. இடைவெளி விட்டுச் சமமாக எழுதுங்கள். செங்குத்தில் 10 கோடிக்கு 1 செ.மீ. புள்ளிகளை இணைத்தால் முதல் துண்டு 1.9 செ.மீ. ஏறும், இரண்டாவது 3 செ.மீ., மூன்றாவதும் நான்காவதும் 1.8 செ.மீ. கோடு 1991 வரை நிமிர்ந்து போய், அங்கே சட்டென்று மடங்கிச் சரிவு குறைந்து நடக்கிறது. இதைக் கண்டதும் காரணம் சொல்ல ஆள் வந்துவிடும். 1991 தாராளமயம் வந்த ஆண்டு, அதனால்தான் என்பார் ஒருவர். குடும்பக் கட்டுப்பாடு அப்போதுதான் பலன் தந்தது என்பார் இன்னொருவர்.

ஆனால் முதல் இரண்டு துண்டுகளும் இருபது ஆண்டுகளுக்கு உரியவை, பிந்தைய இரண்டும் பத்து ஆண்டுகளுக்கு உரியவை. இருபது ஆண்டுப் பயணமும் பத்து ஆண்டுப் பயணமும் ஒரே 2 செ.மீ. சாலையில் அடைக்கப்பட்டிருக்கின்றன. இன்னொரு தாளில், 10 ஆண்டுக்கு 1 செ.மீ. என்று அளவுத்திட்டத்தை முதலில் எழுதிவிட்டு மறுபடி வரையுங்கள். 1971-க்கும் 1991-க்கும் நடுவே ஆண்டுக்குச் சராசரி ஒன்றரைக் கோடி கூடியது. 1991-க்குப் பிறகு ஆண்டுக்கு 1.8 கோடி கூடியது. கோடு 1991-இல் படுக்கவில்லை, இன்னும் நிமிர்கிறது.

வளர்ச்சி விகிதம் குறைந்தது என்பது வேறு செய்தி, அது உண்மையும்கூட. 1991-க்கும் 2001-க்கும் இடையே 21.5 விழுக்காடாக இருந்த வளர்ச்சி, அடுத்த பத்தாண்டில் 17.7 ஆனது. ஆனால் அதைச் சொல்ல விகிதத்தைத்தான் வரைய வேண்டும். தலைகளின் எண்ணிக்கையை வரைந்து, ஆண்டுகளை நெருக்கி, அதிலிருந்து அந்த முடிவை எடுக்க முடியாது.

இந்தப் பிழைகளுக்குப் பின்னால் எப்போதும் ஒரு சூழ்ச்சிக்காரர் இருக்க வேண்டும் என்பதில்லை. எக்செல் போன்ற மென்பொருளில் கோட்டு வரைபடம் கேட்டால், ஆண்டுகளை அது வெறும் பெயர்களாக எடுத்துக்கொண்டு சம இடைவெளியில் அடுக்கிவிடும். ஆண்டை எண்ணாகக் கொண்டு உரிய தூரத்தில் வைக்க, சிதறல் வரைபடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எண்களுக்கு இடையே வேறுபாடு சிறிதாக இருந்தால், பட்டைகளின் அடியையும் அது தானாகவே வெட்டிக் கொடுக்கும். அவசரத்தில் இருக்கும் ஊழியர் அதை அப்படியே அறிக்கையில் ஒட்டிவிடுவார்.

வெட்டியது ஆளா, மென்பொருளா என்பது படத்திலிருந்து தெரியாது. ஆனால் அளவுத்திட்டத்தை எழுதிப் பார்த்தால், வெட்டுப்பட்ட இடம் தெரிந்துவிடும். இரண்டாம் தாளில் 1991-இன் மடிப்பு இல்லை. அந்த மடிப்புக்காகத் தயாராக வைத்திருந்த காரணங்களுக்கும் அங்கே இடமில்லை.