மூன்று காப்பி பில்லும் நான்கு அங்குல லேபிளும்

சென்னிமலையில் பெட்ஷீட், துண்டு விற்கும் சிறு நிறுவனம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெளியூர்க் கடைகளுக்குச் சரக்கு பண்டலாக லாரி ஆபீஸ் வழியே போகிறது. ஆன்லைன் ஆர்டர்கள் ஒவ்வொன்றாகக் கூரியரில் போகின்றன. மேசையில் இருக்கும் பழைய டாட் மேட்ரிக்ஸைத் தூக்கிவிட்டு ஒரு தெர்மல் லேபிள் பிரிண்டரை வைத்தால் இரண்டு வேலையும் முடிந்துவிடுமா என்று இப்படிப்பட்ட பலரும் யோசிக்கிறார்கள். முடியாது. பில்லும் லேபிளும் எத்தனை நாள் உயிரோடு இருக்க வேண்டும் என்று பார்த்தாலே காரணம் விளங்கும்.

பொருள் விற்பவர் பில்லை மூன்று படிகளாகத் தயாரிக்க வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. விதி 48. முதல் படி வாங்குபவருக்கு, இரண்டாவது சரக்கை ஏற்றிச் செல்பவருக்கு, மூன்றாவது விற்பவருக்கு. கணக்குகளையோ அந்த ஆண்டின் வருடாந்தர ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். 2024 ஏப்ரலில் போட்ட பில்லுக்கு அந்தக் கடைசித் தேதி 2025 டிசம்பர் 31. ஆக, 2031 டிசம்பர் வரை அது படிக்கும்படி இருக்க வேண்டும். கணினியில் காப்பி இருக்கிறதே என்று விற்பவர் நிம்மதியாக இருக்கலாம். வாங்கிய கடைக்காரர் கையில் இருப்பது பெரும்பாலும் அந்தத் தாள் மட்டும்தான். வரி வரவு கேட்க அவருக்கு அதுவே ஆதாரம்.

இங்கேதான் தெர்மல் தாள் கைவிடுகிறது. அதில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் ஒரு பூச்சுதான் எழுத்தாகிறது. நகத்தால் அழுத்திக் கீறினால்கூடக் கறுப்புக் கோடு விழும். வெயில், சூடு, எண்ணெய்க் கை, பிளாஸ்டிக் கவர் இவற்றில் எதுவும் அந்த எழுத்தை மங்கச் செய்யும். பி.வி.சி. உறைக்குள் பத்திரமாகச் செருகி வைத்த பில்தான் பல நேரம் முதலில் வெளுக்கிறது.

டாட் மேட்ரிக்ஸில் ஊசிகள் ரிப்பனைத் தட்டுகின்றன. அந்தத் தட்டில் கீழே இருக்கும் இரண்டு தாள்களிலும் எழுத்து ஒரே நேரத்தில் பதிகிறது. பேனாவால் ஒருமுறை அழுத்திக் கையெழுத்துப் போட்டால் மூன்றிலும் விழுகிறது. பண்டலோடு ஆள் காத்து நிற்கும் சாயங்கால வேளையில் இது பெரிய வசதி.

பில் சரியாக விழவில்லையென்றால் உடனே ரிப்பனை மாற்றிவிடுகிறார்கள். அதற்கு முன் மூன்று தாளையும் பிரித்துப் பார்ப்பது நல்லது. மேல் தாள் மங்கலாக, அடித்தாள் தெளிவாக இருந்தால் ரிப்பன் தீர்ந்திருக்கிறது. அடித்தாளுக்குத் தட்டு போதும், ரிப்பன் மை தேவையில்லை. மேல் தாள் பளிச்சென்று இருந்து மூன்றாவது மட்டும் மங்கினால், தாளின் கனத்துக்கு ஏற்ப இடைவெளியை மாற்றும் நெம்புகோலைச் சரிசெய்து பார்க்க வேண்டும். அளவுக்கு மீறி நெருக்கினால் ரிப்பன் மை தாளில் இழுபடும், ஊசியும் கெடும்.

லேபிளின் கதை வேறு. அது வாடிக்கையாளர் வீடு சேரும்வரை சில நாள் பிழைத்தால் போதும். ஆனால் அதற்குள் வழியில் பல இடங்களில் ஸ்கேனர் அதைப் படித்தாக வேண்டும். 203 டி.பி.ஐ. தெர்மல் பிரிண்டரில் ஒரு புள்ளி ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. பார்கோடின் மெல்லிய கோடும் அதன் பக்கத்து இடைவெளியும் தனித்தனியே நிற்கும். டாட் மேட்ரிக்ஸ் ஊசியின் புள்ளி அதைவிடப் பெரியது, ஓரமும் பிசிறடிக்கும். நெருக்கமான பார்கோடு அதில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

தெர்மலிலும் லேபிள் படிக்காமல் போவதுண்டு. நான்குக்கு ஆறு அங்குல லேபிளைப் பிரிண்ட் கொடுக்கும்போது 'Fit' என்பதை விட்டு 'Actual size' தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் கோடுகளின் அகலம் குளறுபடியாகும். எழுத்து கறுப்பாக வரட்டும் என்று சூட்டை ஏகத்துக்கு ஏற்றினாலும் கோடுகள் தடித்து இடைவெளி மூடிவிடும்.

கவனமாகப் பார்க்க வேண்டியது, லேபிள் நகரும் திசையில் மேலிருந்து கீழ்வரை ஓடும் மெல்லிய வெள்ளைக் கோடு. பார்கோடின் கோடுகளும் அதே திசையில் இருந்தால், ஒரு கோடு மொத்தமாக மறைந்து எண் படிக்காமல் போகலாம். பார்கோடு குறுக்காக இருந்தால், எல்லாக் கோடுகளிலும் சிறு வெட்டு விழுமே தவிர ஸ்கேனர் பெரும்பாலும் படித்துவிடும். ரோல் மாற்றும்போது பிரிண்டரை அணைத்து, ஆறவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஹெட்டைத் துடைத்தால் பசையும் தூசியும் போகும். துடைத்த பிறகும் அதே இடத்தில் வெள்ளைக் கோடு வந்தால் ஹெட்டில் சூடாகும் புள்ளி ஒன்று செத்துவிட்டது. ஹெட்டை மாற்றுவதுதான் வழி.

சென்னிமலைக் கடைக்கு, லாரி பண்டல் இருக்கும்வரை டாட் மேட்ரிக்ஸும் வேண்டும், கூரியருக்குத் தெர்மலும் வேண்டும். ஆன்லைன் மட்டுமே செய்கிறவர் தெர்மலை வாங்கிக்கொண்டு, பில்லைச் சாதாரண லேசர் பிரிண்டரில் வெள்ளைத்தாளில் எடுக்கலாம். விதி கேட்பது மூன்று படிகளைத்தான். கார்பன் தாளை அல்ல.