கேட்ட கேள்வி குறிப்பேட்டில் எப்படி இடம்பெறுகிறது?

போலாரம் கிளையில் நான் பணியாற்றிய நாட்களில், ராணுவக் கணக்குத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற தமிழ் வாடிக்கையாளர் ஒருவர் மாதந்தோறும் ஓய்வூதியப் பதிவைச் சரிபார்க்க வருவார். ஒருமுறை அவர் கையில் நான்கு பக்க நகல் ஒன்று இருந்தது. அவர் பங்கு வைத்திருந்த ஒரு நிறுவனத்தின் ஆண்டுப் பொதுக்கூட்ட நடவடிக்கைக் குறிப்பு அது. "நான் ஐந்து நிமிடம் பேசினேன், சார். இதில் என் பேச்சு ஒரு வரிகூட இல்லை" என்றார்.

நகலில் இருந்த வரி இதுதான்: "சில பங்குதாரர்கள் கணக்குகள் குறித்து வினவினர், தலைவர் தக்க விளக்கம் அளித்தார்." பொதுக்கூட்டக் குறிப்புகளில் அடிக்கடி காணப்படும் வாசகம் இது. இதைப் படிப்பவருக்கு என்ன கேட்கப்பட்டது என்பதும் தெரியாது, என்ன சொல்லப்பட்டது என்பதும் தெரியாது.

நடவடிக்கைக் குறிப்பு என்பது பேச்சின் எழுத்துப்படி அன்று என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், 118ஆம் பிரிவில், நடவடிக்கைகளின் நியாயமான, சரியான சுருக்கத்தையே கேட்கிறது. கூட்டம் முடிந்த 30 நாட்களுக்குள் அது குறிப்பேட்டில் பதியப்பட வேண்டும். பக்கங்களுக்குத் தொடர் எண் இட வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் தலைவர் கையொப்பமோ சுருக்கொப்பமோ இட்டு, கடைசிப் பக்கத்தில் தேதியுடன் கையெழுத்திட வேண்டும். இவ்வாறு அமைந்த குறிப்பு, கூட்டத்தில் நடந்தவற்றுக்குச் சான்றாகிறது. (தேசியமயமாக்கப்பட்ட வங்கிகள் தத்தம் சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குமுறைகளால் நடப்பவை. அங்கும் குறிப்பேடு உண்டு. ஆயினும் இக்கட்டுரை கூறும் காலவரம்பும் உரிமைகளும் கம்பெனிகளுக்கு உரியவை.)

எதை விட்டுவிடலாம் என்பதையும் சட்டம் கூறுகிறது. ஒருவரை அவதூறு செய்வது, பொருத்தமற்றது அல்லது முக்கியமற்றது, நிறுவனத்தின் நலனுக்குக் கேடானது ஆகியவற்றைச் சேர்க்க வேண்டியதில்லை. எது அத்தகையது என்று முடிவு செய்யும் முழு அதிகாரமும் கூட்டத் தலைவரிடமே உள்ளது. மேடையில் அமர்ந்து பதில் சொன்னவரே கேள்வியின் தகுதியையும் தீர்மானிக்கிறார் என்பது சற்று நெருடலாகவே இருக்கிறது. எனினும் இந்த அதிகாரத்துக்கு எதிர்முனையில் வேறொரு விதி நிற்கிறது. பொதுக்கூட்டங்களுக்கான செயலகத் தரநிலையைப் பின்பற்றுவது சட்டப்படி கட்டாயம். நிகழ்ச்சி நிரலின் பொருள்கள் மீது அளிக்கப்பட்ட விளக்கங்களின் சுருக்கம் குறிப்பில் இடம்பெற வேண்டும் என்று அது கூறுகிறது. "தக்க விளக்கம் அளித்தார்" என்பது விளக்கம் அளிக்கப்பட்டதைச் சொல்கிறதே தவிர, விளக்கத்தின் சுருக்கமாகாது.

அவர் என்னதான் பேசினார் என்று கேட்டேன். நினைவில் இருந்ததை வரிசையாகச் சொன்னார். நிறுவனத்தின் அடையாளம் தெரியாதிருக்க எண்களை மாற்றித் தருகிறேன். முதலில் தலைவரைப் பாராட்டினார். பிறகு ஆண்டறிக்கை தாமதமாக வந்ததைக் குறை கூறினார். அடுத்து, விற்பனை ஏறக்குறைய அப்படியே இருக்க, வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய பாக்கி 40 கோடியிலிருந்து 60 கோடி ரூபாயாக உயர்ந்தது ஏன் என்றும், அதில் குழும நிறுவனங்களின் பங்கு எவ்வளவு என்றும் கேட்டார். இறுதியில் ஈவுத்தொகையை உயர்த்தக் கோரினார். நிதி அதிகாரி, ஓர் அரசுத் துறையின் பாக்கியே காரணம் என்றும், இரண்டு காலாண்டுகளில் அது வசூலாகிவிடும் என்றும் பதிலளித்தார். குழும நிறுவனங்களைப் பற்றி எழுத்து மூலம் தெரிவிப்பதாகச் சொன்னார்.

ஐந்து நிமிடப் பேச்சில் பதியத் தக்கது எவ்வளவு? பாராட்டும் தாமதக் குறையும் விடுபட்டால் இழப்பில்லை. மீதியை ஒரு செயலர் இவ்வாறு எழுதியிருக்கலாம்: "வர வேண்டிய பாக்கி ரூ. 40 கோடியிலிருந்து ரூ. 60 கோடியாக உயர்ந்ததற்கான காரணத்தையும், அதில் குழும நிறுவனங்களின் பங்கையும் ஓர் உறுப்பினர் வினவினார். உயர்வுக்கு ஓர் அரசுத் துறையின் பாக்கி காரணம் என்றும், அது இரண்டு காலாண்டுகளில் வசூலாகும் என எதிர்பார்க்கப்படுவதாகவும் நிதி அதிகாரி தெரிவித்தார். குழும நிறுவனங்கள் குறித்த விவரம் எழுத்து மூலம் அனுப்பப்படும் என்றார். ஈவுத்தொகையை உயர்த்தும் கோரிக்கையை இயக்குநர் குழு கவனத்தில் கொள்ளும் என்று தலைவர் கூறினார்."

நான்கே வாக்கியங்கள். படர்க்கையிலும் இறந்த காலத்திலும் எழுதப்பட்டிருப்பதைக் கவனிக்கவும்; தரநிலை கேட்பதும் அதுவே. கேட்டவரின் பெயர் இல்லாவிட்டாலும் குறையில்லை. எண்ணும், காலவரம்பும், எழுத்து மூலம் அனுப்புவதாகச் சொன்ன வாக்கும் இருக்கின்றன. அடுத்த ஆண்டு இப்பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தத் தொகை வசூலானதா என்று கேட்க முடியும். மூலக் குறிப்பின் ஒற்றை வரியை வைத்துக்கொண்டு அவ்வாறு கேட்க வழியில்லை.

"அடுத்த கூட்டத்தில் இதைத் திருத்தச் சொல்லலாமா?" என்றார் அவர். குடியிருப்போர் சங்கத்தில் முந்தைய கூட்டக் குறிப்பைப் படித்து ஒப்புதல் பெறுவதைப் பார்த்த பழக்கம். கம்பெனியின் பொதுக்கூட்டக் குறிப்பு அடுத்த பொதுக்கூட்டத்தின் ஒப்புதலுக்கு வருவதில்லை. தலைவர் கையெழுத்துடன் அது முடிந்துவிடுகிறது. குறிப்பேட்டில் ஏறிய பின் அதை மாற்றக் கூடாது. திருத்திப் புனைந்தவருக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் உண்டு.

வேறு வழிகள் இருக்கின்றன. 2020 மே மாதம் முதல் மத்திய அரசு அனுமதித்த காணொலிக் கூட்டங்களில், பதிவு செய்யப்பட்ட எழுத்துப்படியைப் பாதுகாக்க வேண்டும் என்பதும், பொது நிறுவனம் அதைத் தன் இணையதளத்தில் விரைவில் வெளியிட வேண்டும் என்பதும் நிபந்தனைகள். நம் வாடிக்கையாளர் பேசியது காணொலிக் கூட்டத்தில்தான். ஆகவே அவர் பேச்சும் நிதி அதிகாரியின் பதிலும் சொல்லுக்குச் சொல் அங்கே இருந்தன. அவர் மகள் அன்று மாலையே கைபேசியில் எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

குறிப்பேட்டைப் பார்க்கும் உரிமையும் பெரிது. பதிவு அலுவலகத்தில், அலுவல் நாட்களில் குறைந்தது இரண்டு மணி நேரம், எந்த உறுப்பினரும் கட்டணமின்றிப் பொதுக்கூட்டக் குறிப்பேட்டைப் பார்க்கலாம். நகல் வேண்டுமெனில் பக்கத்துக்கு 10 ரூபாய்க்கு மிகாத கட்டணத்தில் ஏழு வேலை நாட்களுக்குள் தர வேண்டும். முந்தைய மூன்று நிதியாண்டுகளுக்குரிய குறிப்புகளின் மின்நகல் கேட்டால் இலவசம். மறுத்தால் நிறுவனத்துக்கு 25,000 ரூபாயும், தவறிய அதிகாரி ஒவ்வொருவருக்கும் 5,000 ரூபாயும் தண்டத்தொகை. உடனே காட்டுமாறு தீர்ப்பாயம் உத்தரவிடவும் இயலும்.

இவ்வுரிமை பொதுக்கூட்டக் குறிப்பேட்டோடு நின்றுவிடுகிறது. இயக்குநர் குழுவின் குறிப்பேட்டைப் பார்க்கும் உரிமை பங்குதாரருக்கு இல்லை. எங்கள் ஹைதராபாத்திலேயே இதற்கு மறக்க முடியாத எடுத்துக்காட்டு உண்டு. 2008 டிசம்பர் 16 அன்று சத்யம் நிறுவனத்தின் இயக்குநர் குழு, நிறுவனர் குடும்பத்தோடு தொடர்புடைய மேட்டாஸ் நிறுவனங்கள் இரண்டில் சுமார் 160 கோடி டாலர் செலுத்திப் பங்குகள் வாங்க ஒப்புதல் அளித்தது. பங்குதாரர்களைக் கூட்டி அவர்கள் கருத்தைக் கேட்கவில்லை. முதலீட்டாளர்களின் கடும் எதிர்ப்பால் சில மணி நேரத்திலேயே அம்முடிவு கைவிடப்பட்டது. 2009 ஜனவரி 7 அன்று கணக்கு மோசடியை நிறுவனரே கடிதத்தில் ஒப்புக்கொண்டார். அந்த டிசம்பர் கூட்டத்தில் யார் என்ன கேட்டார் என்று பதிவேட்டைத் திறந்து பார்க்க எந்தப் பங்குதாரருக்கும் உரிமை இருக்கவில்லை.

நம் வாடிக்கையாளருக்கு நான் சொன்னது ஒன்றுதான். இனி கேள்வியை வாயால் மட்டும் கேட்க வேண்டாம். பேச்சாளராகப் பதிவு செய்யும்போதே, கூட்ட அறிவிப்பில் உள்ள மின்னஞ்சலுக்கு இரண்டு வரியில், ஆண்டறிக்கையின் பக்க எண்ணைக் குறிப்பிட்டு அனுப்பிவிட வேண்டும். செயலர் குறிப்பு எழுத உட்காரும்போது அந்த வாசகம் அவர் மேசையில் இருக்கும்.

அடுத்த ஆண்டு அவர் அவ்வாறே செய்தார். பாக்கி பற்றிய கேள்வி எண்ணோடு குறிப்பில் ஏறியது. ஈவுத்தொகைக் கோரிக்கை அப்போதும் விடுபட்டிருந்தது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.