பத்து மில்லியை ஏன் இரண்டாகப் பிரிக்க வேண்டும்?

பிரிபுனலில் 100 மி.லி. தண்ணீர், அதில் 20 மி.கி. அயோடின் கரைந்து வெளிர் பழுப்பாக நிற்கிறது. கார்பன் டெட்ராகுளோரைடை ஊற்றிக் குலுக்கினால் அது அடியில் தங்கி ஊதா நிறம் ஏறுகிறது. அயோடினுக்கு அதன்மேல்தான் நாட்டம்: அறை வெப்பத்தில், தண்ணீரில் உள்ளதைப்போல் சுமார் 85 மடங்கு செறிவு அதில் இருக்கும். இந்த விகிதம் மாறுவதில்லை என்பதே நெர்ன்ஸ்ட் 1891-இல் சொன்ன பகிர்வு விதி.

கையில் 10 மி.லி.தான் இருக்கிறது என்போம். மொத்தமாக ஊற்றினால் அதன் பிடிப்பு 10 × 85, அதாவது 850 மி.லி. தண்ணீருக்குச் சமம். ஆக, 950-இல் 100 பங்கு தண்ணீரிலேயே நிற்கும்: 2.1 மி.கி.

ஐந்தைந்தாக ஊற்றுங்கள். முதல் முறை 525-இல் 100 பங்கு, 3.8 மி.கி. மிஞ்சும். அடுக்கை வடித்துவிட்டுப் புதிதாக 5 மி.லி. விட்டால், அந்த 3.8-இலும் அதே பங்குதான் மிஞ்சும்: சுமார் 0.7 மி.கி. அதே திரவம், மூன்றில் ஒரு பங்கு மிச்சம்!

தண்ணீரில் பொட்டாசியம் அயோடைடு இருந்தால் கணக்கு பொய்க்கும். அது அயோடினைப் பிணைத்துத் தண்ணீரிலேயே வைத்துக்கொள்ளும். மேலடுக்கின் பழுப்பு நிறம் போகாமல் நிற்பதே அடையாளம். கார்பன் டெட்ராகுளோரைடு ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. புகைபோக்கிப் பெட்டிக்கு வெளியே இதைத் திறக்கவே கூடாது.